'முடியலை'ன்னு எப்படிச் சொல்வது?

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்... ஆனா முடியலை!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகளை இப்போது கம்பைநல்லூரிலேயே பார்க்க முடிகிறது. சென்னையிலோ, பெங்களூரிலோ, ஓசூரிலோ நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள். லீவுக்கு ஊருக்கு வருவார்கள். "பையன் எந்நேரமும் படுத்தே கிடக்கிறான், கேட்டா எரிஞ்சு விழறான்" என்று அம்மா கூட்டிக்கொண்டு வருவார். நாடி பார்க்கிறோம், நாக்கைப் பார்க்கிறோம். பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆங்கில வைத்தியத்தில் இதை 'பர்ன் அவுட்' என்கிறார்கள். 1974ல் நியூயார்க்கில் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், இலவச மருத்துவமனைகளில் ஆர்வமாக உழைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போவதைக் கவனித்து இந்தப் பெயரில் எழுதினார். 2019 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தபோது, 'பர்ன் அவுட் ஒரு நோய்' என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. உடனே அந்த நிறுவனமே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. இது நோய் அல்ல, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றார்கள். சமாளிக்க முடியாமல் நீடித்த வேலை அழுத்தத்தால் மூன்று விஷயங்கள் சேர்ந்து வரும்: சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, செய்கிற வேலையின் திறன் குறைவது. வீட்டுப் பிரச்னைக்கோ காதல் தோல்விக்கோ இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

நோய் இல்லை என்றால் சும்மா விட்டுவிடலாமா? அப்படி இல்லை. நம் சித்த மருத்துவம் இதில் ஓர் அருமையான விஷயம் சொல்லி வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மனப்பாடம் செய்த பாடம், பதினான்கு வேகங்கள். வேகம் என்றால் உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், மலம், சிறுநீர், வாந்தி, தூக்கம், கண்ணீர் இப்படிப் போகும் அந்த வரிசை. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் அதுவே நோய்க்கு வித்து. இந்தப் பதினான்கில் 'இளைப்பு' என்று ஒன்று இருக்கிறது. உழைத்து அலுத்துப்போன ஆயாசம்தான் அது. சிறுநீரை அடக்கக் கூடாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வோம். இளைப்பையும் அதே வரிசையில்தான் நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். மூன்று டம்ளர் காபியைக் குடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணி வரை உட்காருவது, சித்த மருத்துவக் கணக்கில் இளைப்பு, தூக்கம், பசி என்று மூன்று வேகங்களை ஒரே நேரத்தில் அடக்குகிற காரியம்.

சரி, ஓய்வு எடுக்க வேண்டும். ஆபீஸில் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்து பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சென்னையில் ஆடிட்டர் ஆபீஸ்

அவளுக்கு 28 வயது. நம் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்குப் புளி வியாபாரம். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருஷமாக வேலை. ஆடிட்டர் ஆபீஸ் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வருஷம் முழுக்கக் கெடு தேதிதான். மாதாமாதம் 11ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. கணக்கு, 20ம் தேதி இன்னொன்று. வழக்கமாக செப்டம்பர் 30 வரித் தணிக்கை, அக்டோபர் 31 வருமான வரி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

அக்டோபர் முதல் வாரத்தில் மொரப்பூரில் ரயில் இறங்கி வந்தவள், மறுநாள் அம்மாவோடு என்னிடம் வந்தாள். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். ஒரே கணக்குத் தாளை மூன்று முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. போன் மணி அடித்தாலே எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்றைப் பிசையும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாத விலக்கு ஏழு நாள் போகிறது. காலையில் சாப்பாடு கிடையாது, காபிதான். ஒரு நாளைக்கு ஆறு.

பையிலிருந்து மொபைலை எடுத்து, ஆபீஸுக்கு அனுப்புவதற்காக எழுதி வைத்திருந்த ஒரு செய்தியைக் காட்டினாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியதாம். 'நான் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு டிப்ரஷன் இருக்கிறது. இந்த வேலை என்னை முழுசாக அழித்துவிட்டது. இனி என்னால் திரும்பி வர முடியுமா தெரியவில்லை' என்கிற தினுசில் ஒரு பக்கம். கீழே எல்லோருக்கும் நன்றி வேறு.

முதல் வரியைப் படித்ததும் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்: "சாகணும்னு தோணுதாம்மா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை, கேட்பதுதான் பாதுகாப்பு. அவள் யோசித்து, "இல்ல சார், அப்படி எதுவும் இல்ல. அந்த நேரத்துக்கு அப்படி எழுத வந்துச்சு" என்றாள். ஊருக்கு வந்த அன்று ராத்திரி தங்கையோடு ஒரு சினிமா பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். அம்மா செய்த கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் ருசித்திருக்கிறது. இதெல்லாம் நல்ல அறிகுறிகள். அப்புறம், 'டிப்ரஷன்னு யார் சொன்னது?' என்று கேட்டேன். மொபைலில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னாளாம், அது சொன்னதாம்.

பெயர் வைக்கும் முன் ரத்தம் பார்த்தோம்

களைப்பு என்பது ஆயிரம் வாசல் வீடு. எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நகமும் அப்படியே. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, வைட்டமின் பி12 இந்த நான்கையும் பார்த்துவரச் சொன்னேன். தருமபுரியில் எடுத்தார்கள். தைராய்டு, சர்க்கரை, பி12 மூன்றும் சரி. ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை.

படி ஏறினால் மூச்சு வாங்குவது, மந்தம், எரிச்சல், கவனம் நிற்காமல் போவது எல்லாம் ரத்தசோகையிலும் வரும். அதற்காக 'வேலை அழுத்தமெல்லாம் பொய், ரத்தம்தான் குறைச்சல்' என்று முடிவு கட்டவும் முடியாது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் வருகிற வயிற்று வலியை ரத்தசோகை உண்டாக்காது. இரண்டும் இருந்தன. ஒன்று இன்னொன்றைப் பெரிதாக்கிக் காட்டியது. 'எனக்கு டிப்ரஷன்' என்று அவள் அனுப்பியிருந்தால், ஹீமோகுளோபினை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். தானே நோய்ப் பெயர் வைத்துக்கொள்வதில் இருக்கிற முதல் ஆபத்து இதுதான். பெயர் கிடைத்தவுடன் தேடல் நின்றுபோகிறது.

ரத்தசோகைக்கு நம் முறையில் அன்னபேதிச் செந்தூரம் கொடுத்தேன். அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. இரும்பு சேர்ந்த மருந்து, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்தும் சாப்பாடும் முடிந்து ஒரு மணி நேரம் காபி, டீ தொடக் கூடாது, இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அவை தடுத்துவிடும் என்பதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் மாத விலக்கு ஏன் என்று பார்க்க, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாது அல்லவா?

பாட்டி எத்தனை தரம் சாவார்?

இப்போது ஆபீஸ் விஷயம். அம்மா ஒரு யோசனை சொன்னார். "எதுக்குங்க சார் இதெல்லாம் எழுதிக்கிட்டு? மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்துடுங்க. மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். 'மனசு சரியில்லாத பொண்ணு'ன்னு பேர் வந்துட்டா என்ன பண்றது?"

அந்தத் தாயின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரில் பேச்சு எப்படிப் பரவும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பொய்யான சர்ட்டிபிகேட் கொடுப்பது தர்மமும் அல்ல, சட்டமும் அல்ல. அதை விடுங்கள், காரியத்துக்கே உதவாது. எப்படி என்று பாருங்கள். காமாலை என்றால் பதினைந்து நாளில் 'குணமாகிவிட்டது' என்றுதான் திரும்பிப் போக வேண்டும். குணமானவளுக்கு அதே பழைய சுமையைத் தூக்கி வைப்பார்கள். 'எனக்கு வேலை அதிகம், பாதியைக் குறையுங்கள்' என்று கேட்க வாயே வராது. பொய் லீவை வாங்கித் தரும், மாற்றத்தை வாங்கித் தராது. லீவுக்காகப் பாட்டியை இரண்டு தரம் சாகடித்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது தரம் என்ன செய்வார்கள்?

மிகைப்படுத்தி எழுதுவதும் வேறு விதத்தில் காரியத்தைக் கெடுக்கும். 'செத்துக்கொண்டிருக்கிறேன்' என்று படித்த மேலதிகாரிக்குப் பயம் வரும். பயந்தவர் ஒன்று கையைக் கழுவப் பார்ப்பார், அல்லது ஊரைக் கூட்டுவார். கூட வேலை செய்பவர்கள் 'வேலை அழித்துவிட்டது' என்பதைத் தங்கள் மேல் வந்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நாள் லீவு, யார் வேலையைப் பார்ப்பது என்ற சாதாரணக் கேள்விக்கு மட்டும் அந்த ஒரு பக்கத்தில் பதிலே இல்லை.

உண்மையைச் சாதாரணமாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2017ல் அமெரிக்காவில் மேடலின் பார்க்கர் என்ற இளம் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர், தன் மன நலத்தைக் கவனித்துக்கொள்ள இன்றும் நாளையும் லீவு எடுக்கிறேன், அடுத்த வாரம் தெம்பாக வந்துவிடுவேன் என்கிற அர்த்தத்தில் குழுவுக்கு இரண்டே வரி எழுதினார். கம்பெனித் தலைவர் பென் காங்கிள்டன் அதற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டார். பார்க்கர் அதை வெளியிட்டதும் உலகம் முழுக்கப் பேசினார்கள். அந்த இரண்டு வரியைக் கவனியுங்கள்: காரணம் இருக்கிறது, எத்தனை நாள் என்று இருக்கிறது, எப்போது வருவேன் என்று இருக்கிறது. நோயின் பெயர் இல்லை. எல்லா முதலாளியும் காங்கிள்டன் இல்லை என்பதும் வாஸ்தவம்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பழக்கமான ஆள் விராட் கோலி. 2022 ஆகஸ்டில், ஆசியக் கோப்பைக்கு முன் அவர் சொன்னார்: பத்து வருஷத்தில் முதல் முறையாக ஒரு மாதம் மட்டையைத் தொடவே இல்லை, கொஞ்ச நாளாகத் தன் வேகத்தைத் தானே பொய்யாகக் காட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. 'எனக்கு இந்த நோய்' என்று அவர் எதுவும் சொல்லவில்லை. தன்னிடம் பார்த்ததை மட்டும் சொன்னார். அடுத்த மாதமே ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 122 ரன் எடுத்தார், கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு அப்புறம் வந்த சதம். 'ஓய்வு எடுத்ததால் சதம்' என்று நான் சொல்ல வரவில்லை. சதம் அடிக்காமல் இருந்திருந்தாலும் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

எழுதிய கடிதம்

ஆடிட்டருக்கு முதலில் போனில் பேசிவிடு, அப்புறம் எழுது, அதற்கும் அப்புறம்தான் கூட வேலை செய்பவர்களுக்கு என்றேன். ஊர் உலகத்துக்குச் சொல்வது கடைசி; சொல்லாமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதியதை விடிந்து சாப்பிட்ட பிறகு ஒரு முறை படிக்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். அவள் எழுதிக் கொண்டு வந்தது இது:

'வணக்கம் சார். மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரே தாளை மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கிறது. செப்டம்பர் வேலையில் இரண்டு இடத்தில் தொகை மாற்றிப் போட்டு, கடைசி நேரத்தில் கண்டுபிடித்தேன். டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மருந்து கொடுத்திருக்கிறார். வேலைக் களைப்பும் சேர்ந்திருக்கிறது, ஓய்வு வேண்டும் என்கிறார். அக்டோபர் 8 முதல் 19 வரை லீவு வேண்டும். 20ம் தேதி வந்துவிடுவேன். என் ஜி.எஸ்.டி. கணக்குகளைப் பார்த்துக்கொள்ள என் பக்கத்து சீட் அக்காவிடம் பேசிவிட்டேன். ஆறு பேருடைய வருமான வரிக் கோப்புகளில் என்னென்ன பாக்கி என்று தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். இந்த நாட்களில் போன் எடுக்க மாட்டேன். மிக அவசரம் என்றால் என் தங்கை நம்பருக்குச் செய்தி அனுப்பவும். திரும்பி வந்ததும் என் கையில் இருக்கும் கணக்குகளின் எண்ணிக்கை பற்றி உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும்.'

இதில் எனக்குப் பிடித்தது, தொகை மாற்றிப் போட்ட வரி. 'எனக்கு டிப்ரஷன்' என்பது அவளுக்குத் தெரியாத விஷயம். 'இரண்டு இடத்தில் மாற்றிப் போட்டேன்' என்பது அவள் கண்ணால் பார்த்த விஷயம். ஆடிட்டருக்கும் அந்த பாஷைதான் புரியும். தூக்கம், தப்பு, எரிச்சல், நாள் கணக்கு இப்படி எண்ணிச் சொல்லக் கூடியதைச் சொன்னால் போதும். இன்னொன்று, கடைசி வரி. ஓய்வின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று விடுமுறைகளை ஆராய்ந்தவர்கள் பல முறை கண்டிருக்கிறார்கள். அதனால் லீவு கேட்கும்போதே திரும்பிய பிறகு என்ன மாற வேண்டும் என்பதற்கும் ஒரு கொக்கி போட்டு வைத்துவிட வேண்டும்.

சர்ட்டிபிகேட்டில் நான் எழுதியதும் இவ்வளவுதான்: ரத்தசோகை, உடல் களைப்பு, இத்தனை நாள் ஓய்வு தேவை. தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ன் கீழ் வருகிற ஆபீஸ்களில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே நோய் லீவு என்று வருஷத்துக்குப் 12 நாள் வரை உண்டு. இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. எந்த டாக்டரின் சர்ட்டிபிகேட்டை ஏற்பார்கள் என்று மட்டும் உங்கள் ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு நாள்

ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது என்று நினைக்கிறோம். முதல் மூன்று நாள் அவளும் அப்படித்தான் கிடந்தாள். நானும் விட்டுவிட்டேன். காபியை ஆறிலிருந்து ஒரேயடியாக ஒன்றுக்குக் குறைத்ததில் மறுநாளே தலைவலி மண்டையைப் பிளந்தது. பயப்பட வேண்டாம், காபியைத் திடீரென்று குறைத்தால் சில நாள் அப்படித்தான் இருக்கும். மறுபடி இரண்டாக்கி, அப்புறம் ஒன்றாக்கினோம்.

நாலாம் நாள்தான் சிக்கல். உடம்பு கொஞ்சம் தெளிந்ததும் மனசு குடைய ஆரம்பித்தது. 'எல்லோரும் அங்கே கஷ்டப்படறாங்க, நான் இங்கே தின்னுட்டுத் தூங்கறேன்.' ராத்திரி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவர் 'நமக்கெல்லாம் லீவு ஏது' என்று எழுதியிருந்தாராம். அது அவளைக் குறித்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று மூன்று மணி விழிப்பு திரும்ப வந்துவிட்டது. உடம்பு கம்பைநல்லூரிலும் மனசு ஆபீஸிலும் இருந்தால் அது ஓய்வே இல்லை. மறுநாளிலிருந்து அந்தக் குழுவைத் தங்கை மட்டும் பார்ப்பது என்று ஏற்பாடு.

அப்புறம் நாளுக்கு ஒரு சட்டம் வைத்தோம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் எழுந்திருக்கும் நேரத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்; படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். எழுந்ததும் வயல் வரப்பில் அரை மணி நேரம் நடை, வெயில் முகத்தில் படும்படி. எட்டரைக்குள் கேழ்வரகுக் கூழோ சாமைச் சோறோ, வயிறு நிறைய. மத்தியானம் முருங்கைக்கீரை, ஓர் எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சையின் புளிப்பு, கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர வைக்கும். பகலில் கண்ணைச் செருகினால் இருபது நிமிஷம் சாய்ந்துகொள்ளலாம், இரண்டு மணி நேரம் கூடாது. பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் திருடும்.

வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். இளஞ்சூடான நல்லெண்ணெயை உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, அரை மணி நேரம் ஊறி, சீயக்காய் தேய்த்து வெந்நீரில் குளிக்க வேண்டும். அன்று பகலில் தூக்கம் ஆகாது, குளிர்ந்த பதார்த்தங்கள் ஆகாது. சளி, காய்ச்சல் இருக்கும்போதும் மாத விலக்கு நாட்களிலும் வேண்டாம். வாதத்தைத் தணித்துத் தூக்கம் தரும் என்பது நம் மருத்துவ நூல் சொல்வது. அதைவிட, அந்த ஒரு மணி நேரம் எண்ணெய்க் கையோடு யாரும் மொபைலைத் தொட முடியாது! அதுவும் ஒரு வைத்தியம்தான்.

'அமுக்கரா சூரணம் வாங்கிச் சாப்பிடட்டுமா சார், மொபைலில் போடறாங்களே?' என்று கேட்டாள். நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும், தைராய்டுக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கும், ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. மூலிகைதானே என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தப்பு. அவளுக்கு நான் கொடுக்கவில்லை. ரத்தம் ஏறினாலே பாதிக் களைப்பு போகும் என்று பட்டது.

எட்டாம் நாள் வாக்கில் விடிய ஐந்து மணி வரை தூங்கினாள். பத்தாம் நாள் இருமத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய், தென்பெண்ணைக் கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வயிற்று வலி வந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "மறந்தே போயிட்டேன் சார்" என்றாள்.

திரும்பிப் போன பிறகு

20ம் தேதி போனாள். அந்த அரை மணி நேரப் பேச்சு நடந்தது. சினிமா மாதிரி எல்லாம் மாறிவிடவில்லை. ஆடிட்டர், "எங்க காலத்துல ஞாயித்துக்கிழமையே கிடையாது" என்று ஆரம்பித்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு தவறுகளின் விஷயம் அவர் காதில் ஏறியிருந்தது. அவள் கையில் இருந்த முப்பத்திரண்டு கணக்குகளில் ஒன்பதை வேறு இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கெடு தேதி அன்று தவிர வேறு நாளில் போன் இல்லை என்பதற்கும் ஒத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் பதினோரு மணி வரை உட்காரத்தான் வேண்டியிருந்தது. சம்பள உயர்வு அந்த வருஷம் மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. இதனால்தானா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மை சொன்னால் நஷ்டமே வராது என்று யாருக்கும் நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.1. இன்னும் 12 ஆகவில்லை. 12ஐத் தொட்டதும் மருந்தை நிறுத்தக் கூடாது, உடம்பின் இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். மகளிர் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சிகிச்சை கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் 'ரத்தம் கம்மியா இருந்துச்சு, லீவுல வந்தா' என்று பதில். அதுவும் உண்மைதானே!

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி வந்து படுத்தால், எல்லாமே வேலைக் களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். லீவில் ஒரு வாரம் ஆனதும் சாப்பாடு ருசிக்கிறதா, பிடித்த பாட்டைக் கேட்கிறதா, சிரிக்கிறதா என்று பாருங்கள். வேலைக் களைப்பு என்றால் வேலையை விட்டு விலகினதும் கொஞ்சமாவது வெளிச்சம் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுக்க, எதிலுமே ஈடுபாடு இல்லை, பசி தூக்கம் மாறிவிட்டது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு வருகிறது என்றால் அது வேறு. அதற்கு எண்ணெய்க் குளியல் போதாது, என் மருந்தும் போதாது. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கூட்டிப் போகலாம். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாக விடாதீர்கள். 2022ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளை பேச மாட்டேன் என்றால் நீங்கள் பேசி, என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.